ஏழேகாலுக்கு ஸ்க்ரீன்ல ஓடணும் பாஸ்!

‘காலைல விழா. சாயங்காலம் ஏழேகாலுக்கு அதே மேடைல வீடியோ ஓடணும். ரெண்டரை நிமிஷம் போதும். உன்கிட்டதான் எடிட்டிங் சாஃப்ட்வேர் இருக்கே, முடியும்ல?’

காலேஜ்ல விஸ்காம் படிச்சாலும் சரி, பி.காம். படிச்சுக்கிட்டே ஃப்ரெண்டோட கல்யாணத்துக்கு வீடியோ வெட்டித் தந்திருந்தாலும் சரி... இந்தக் கேள்வி ஒருநாள் உங்களைத் தேடி வந்தே தீரும். கல்யாண வீடியோ உலகத்துல இதுக்குப் பேரு ‘சேம் டே எடிட்’. அங்கே பத்துப் பேர் வேலை பார்ப்பாங்க. உங்க தெருப் பொங்கலுக்குக் கூப்பிட்டா, நீங்களும் ரெண்டு ஃப்ரெண்ட்ஸும் ஒரு லேப்டாப்பும்தான். பட்ஜெட்? மதியச் சாப்பாடும் ஒரு சால்வையும்!

நான் மதுரைப் பையன். ரெண்டு வருஷமா எங்க பக்கத்துல இருக்கிற ஒரு காலனியோட பொங்கல் விழாவுக்கு இந்த வேலையைப் பார்த்துட்டு வர்றேன். பொங்கலுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை விழா. மொத்தம் 42 வீடு. காலை ஆறரைக்குப் பொங்கல் பானை, எட்டு மணிக்குக் கோலப்போட்டி, பதினொண்ணுக்குக் குழந்தைங்க விளையாட்டு, மூணுக்குக் கயிறு இழுக்கறது, நாலுக்கு உறியடி, ஆறரைக்குப் பரிசளிப்பு. அது முடிஞ்சதும் ஏழேகாலுக்கு வீடியோ. போன தடவை நடந்ததை வச்சே இந்த வேலையைச் சொல்றேன். உங்களுக்கு ஆஃபர் வர்றப்போ கைகொடுக்கும்.

முதல்ல ஒரு விஷயம். இதுல நேரம் கத்திரி போடுறதுல போகாது. முடிவு எடுக்கறதுலதான் போகும். எந்தப் பாட்டு, எத்தனை நிமிஷம், முதல்ல எது, கடைசில எது, எந்த ஃபான்ட், எந்தக் கலர்... ஒவ்வொண்ணும் அஞ்சு நிமிஷம் யோசனை. இருபது முடிவுக்கு நூறு நிமிஷம் காலி. டெம்ப்ளேட்னா, இந்த முடிவையெல்லாம் முந்தின வாரமே எடுத்து வச்சுடறது. அவ்ளோதான்! நெட்ல இறக்குற பளபளா டைட்டில், சுழல்ற எஃபெக்ட் எல்லாம் டெம்ப்ளேட்டோட ஓரம். அசல் டெம்ப்ளேட் ஒரு காலி டைம்லைன்.

எங்க காலி டைம்லைன் எப்படி இருந்துச்சுன்னு சொல்றேன், பாருங்க. தாளம் வாசிக்கிற ஒரு ஃப்ரெண்ட்கிட்ட சொல்லி, நிமிஷத்துக்கு சரியா 100 அடி வர்ற மாதிரி ஒரு இசைத்துண்டு பண்ணி வாங்கினோம். ஏன் 100? நம்ம ஊர் வீடியோ கணக்கு பெரும்பாலும் நொடிக்கு 25 ஃப்ரேம். 100 அடின்னா ஒரு அடிக்கு 0.6 நொடி, அதாவது கச்சிதமா 15 ஃப்ரேம். நாலு அடி சேர்ந்தா 60 ஃப்ரேம், 2.4 நொடி. கட் பண்ற இடமெல்லாம் முழு எண்ல வந்து உட்காரும், தாளம் நழுவாது. சினிமாப் பாட்டைப் போட்டா கைதட்டல் கூட வரும், மறுக்கலை. ஆனா காலனிக்காரங்க அதை யூடியூப்ல ஏத்தினா, பாட்டோட சொந்தக்காரங்க உரிமை கோரி நோட்டீஸ் வந்துடும். அப்புறம் ‘தம்பி, வீடியோவைக் காணோமே’னு போன் வரும்!

2.4 நொடி வீதம் 60 கட்டம். மொத்தம் 144 நொடி, அதாவது 2 நிமிஷம் 24 நொடி. அந்த 60 கட்டத்தையும் முன்னாடியே பங்கு போட்டாச்சு. முதல் 2 கட்டம் டைட்டில். அடுத்த 12 பொங்கல் பானை. கோலத்துக்கு 10, குழந்தைங்களுக்கு 14, கயிறுக்கு 8, உறியடிக்கு 8. பெரியவங்க சிரிக்கிற முகங்களும் குரூப் ஷாட்டும் 4. கடைசி 2 கட்டம் நன்றி கார்டு. ஒவ்வொரு கட்டத்துலயும் போன வருஷக் காட்சி ஏதாவது ஒண்ணு டம்மியா உட்கார்ந்திருக்கும். விழா அன்னிக்கு நான் செய்யறது, டம்மியை எடுத்துட்டு அசலை வைக்கிறது. ப்ரீமியர் ப்ரோல, வேணுங்கற இடத்துல I அழுத்தி ஆரம்பத்தைக் குறிச்சுட்டு, Alt விசையைப் பிடிச்சபடி அந்த க்ளிப்பைப் பழைய க்ளிப் மேல இழுத்துப் போட்டா போதும். இடமும் நீளமும் போட்ட எஃபெக்ட்டும் அப்படியே இருக்கும், படம் மட்டும் மாறிடும். ஒரு கட்டத்துக்கு அரை நிமிஷம்கூட ஆகாது.

மூணு இடத்துல மட்டும் இசையை நல்லாக் குறைச்சு ஜன்னல் மாதிரி விட்டு வச்சிருந்தோம். ஒண்ணு, ‘பொங்கலோ பொங்கல்’ குலவைக்கு. ரெண்டாவது, ஏதாவது ஒரு குழந்தையோட சிரிப்புக்கு. மூணாவது, உறி உடையற சத்தத்துக்கு. முழுக்க இசையே ஓடினா விளம்பரம் மாதிரி ஆயிடும். அந்த நிஜச் சத்தம் வர்றப்போதான் கூட்டம் ‘ஏய்...’னு நிமிரும்.

இந்த டெம்ப்ளேட்டை எந்த லேப்டாப்ல எடிட் பண்ணப் போறீங்களோ, அதே லேப்டாப்ல முந்தின நாள் ராத்திரி திறந்து, டம்மிக் காட்சியோடயே முழுசா எக்ஸ்போர்ட் பண்ணிப் பாருங்க. வேற மெஷின்ல செஞ்ச டெம்ப்ளேட்னா ஃபான்ட் இல்லேம்பான், ப்ளக்-இன் இல்லேம்பான், ஃபைலைக் காணோம்னு சிவப்புத் திரை காட்டுவான். அது ராத்திரி தெரிஞ்சா பிரச்னை, சாயங்காலம் ஆறு மணிக்குத் தெரிஞ்சா பேரிடர்! இன்னொரு லாபமும் இருக்கு. எக்ஸ்போர்ட்டுக்கு எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு கையோட தெரிஞ்சுடும். எங்களுக்கு 3 நிமிஷம். இந்த 3-ங்கற நம்பர் பின்னாடி வரப்போகுது, ஞாபகம் வச்சுக்கோங்க.

தமிழ் எழுத்து சமாசாரத்தையும் ராத்திரியே பார்த்துடணும். பழைய டைட்டில் டெம்ப்ளேட் பலதும் யூனிகோட் இல்லாத பழைய ஃபான்ட்ல பண்ணினது. நம்ம போன்ல டைப் அடிச்ச யூனிகோட் பேரை அங்கே ஒட்டினா எழுத்து வராது, கட்டம் கட்டமா வரும். சரி, யூனிகோட் ஃபான்டே போட்டாச்சுன்னாலும், சாஃப்ட்வேர்ல தெற்காசிய மொழிகளுக்கான எழுத்து அமைப்பு ஆன்ல இல்லேன்னா இன்னொரு கூத்து நடக்கும். கொம்பு இடம் மாறி, எழுத்துக்கு முன்னாடி நிக்க வேண்டியது பின்னாடி போய் ஒட்டிக்கும். ‘செல்வி’யும் ‘கோமதி’யும் கண்றாவியா நிக்கும். சோதிக்க ஒரு சுலப வழி... கொம்பும் சுழியும் உள்ள நாலு பேரை டைப் பண்ணிப் பாருங்க. அது சரின்னா எல்லாம் சரி.

அடுத்து, ஷூட்டிங். எடிட் பண்றவன் பொழைக்கறதும் சாகறதும் கேமராக்காரன் கையிலதான். எங்க டீம்ல ஒருத்தன் கேமரா, இன்னொருத்தன் நல்ல போன். ரெண்டு பேருக்கும் ஒரே கட்டளை: ‘மாப்ள, பட்டனை அழுத்து, எட்டு எண்ணு, நிறுத்து.’ ஏன்னா, நாள் பூரா கேமராவை ஓடவிட்டு மூணு மணி நேரக் காட்சி கொண்டு வந்தா, அதைப் பார்த்து முடிக்கவே மூணு மணி நேரம் வேணும். எட்டு நொடியா 150 ஷாட் எடுத்தா மொத்தம் 20 நிமிஷம்தான். நாங்க 4கே பக்கமே போகலை. 1080p, நொடிக்கு 50 மெகாபிட். ஒரு நிமிஷத்துக்கு 375 எம்.பி., 20 நிமிஷத்துக்கு ஏழரை ஜி.பி. நல்ல கார்டு ரீடர் இருந்தா, நாள் முழுக்கக் காப்பி பண்ணின நேரத்தைக் கூட்டினாலும் ரெண்டு மூணு நிமிஷத்தைத் தாண்டாது. ரெண்டாவது காப்பி ஒரு ஹார்டு டிஸ்க்ல. அது முடியற வரைக்கும் கார்டை அழிக்கறது கிடையாது.

காலை ஒன்பதுக்கு ஒரு கார்டு, பன்னெண்டரைக்கு ஒண்ணு, நாலே முக்காலுக்கு ஒண்ணுன்னு திட்டம். பொங்கல் பானைக் காட்சியை ஒன்பதரைக்கே நிரப்பிட்டேன். கோலம் பதினோரு மணிக்குள்ள. குழந்தைங்க சாக்குப் பைக்குள்ள குதிச்சு ஓடினது மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி உள்ளே வந்தாச்சு. இதுல ஒரு பழக்கம் முக்கியம். எந்த நிமிஷத்துல யார் ப்ளே பட்டனை அமுக்கினாலும், வீடியோ முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஓடணும். கறுப்பு ஓட்டை இருக்கக் கூடாது. அதனால, இன்னும் நடக்காத உறியடிக் கட்டங்கள்ல இருந்த போன வருஷ டம்மியை மதியமே தூக்கிட்டு, காலைல எடுத்த உபரி முகங்களைப் போட்டு வச்சேன். உறியடி நடக்கலேன்னாகூட நம்மகிட்ட ஒரு முழு வீடியோ இருக்கணும்ல!

நல்லவேளை, அப்படிச் செஞ்சேன். நாலு மணி உறியடி, சிறப்பு விருந்தினர் வரத் தாமதமாகி, அஞ்சரைக்குத்தான் ஆரம்பிச்சுது. பானை உடைஞ்சப்போ மணி 5.42. கார்டு என் கைக்கு வந்தப்போ 5.48. ஆறு மணிக்கு எடிட்டிங்கை மூடணும்னு கணக்கு. கேமராக்காரன் வாயாலயே சொன்னான்: ‘கடைசி மூணு ஷாட் மட்டும் பாருடா. ஒண்ணு கண்ணைக் கட்டறது, ஒண்ணு அடி, ஒண்ணு தண்ணி கொட்டறது.’ மூணை மட்டும் காப்பி பண்ணினேன். அடியை நொடிக்கு 50 ஃப்ரேம்ல எடுத்திருந்தான். அதைப் பாதி வேகத்துல ஓடவிட்டா ரெண்டு கட்டம் நிறையும். ஆகமொத்தம் எட்டுக் கட்டத்துல நாலு உறியடி, மீதி நாலுல கூட்டம் அண்ணாந்து பார்க்கிற முகங்கள். யாருக்கும் குறையாத் தெரியலை.

இப்போ உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். ‘எல்லாம் முன்கூட்டியே முடிவாயிடுச்சு, அப்புறம் அன்னிக்கு எடிட்டருக்கு என்ன வேலை? இழுத்துப் போடறதுதானா?’ இல்லை பாஸ்! மிச்சம் பிடிச்ச நேரமெல்லாம் எதுக்குன்னா... முகத்துக்கும் பேருக்கும்!

இந்த மாதிரி வீடியோவை யாரும் ‘எடிட்டிங் சூப்பர்’னு சொல்றதுக்காகப் பார்க்கறதில்லை. ஒவ்வொருத்தரும் தேடறது ஒரே ஒரு முகம். தன்னோடது, இல்லேன்னா தன் வீட்டுப் பிள்ளையோடது. வரலேன்னா? எதுவும் சொல்ல மாட்டாங்க. எந்திரிச்சு சேரை மடிச்சு வச்சுட்டுப் போயிடுவாங்க. அதனால நான் ஒரு காகிதத்துல 42 வீட்டையும் வரிசையா எழுதி வச்சிருந்தேன். ஒரு வீட்டு ஆள் தெளிவா ஒரு கட்டத்துல வந்தா, அந்த வீட்டுக்கு நேரா கட்டத்தோட நம்பரை எழுதிடுவேன். யார் எந்த வீடுன்னு தெரியாதே? அதுக்குத்தான் சங்கச் செயலாளரோட பொண்ணு, ப்ளஸ் ஒன் படிக்கிற தங்கச்சி, மதியம் அரை மணி நேரம் என் பக்கத்துல உட்கார்ந்து, ‘இது 17-ம் நம்பர் பாட்டி, இது மாடி வீட்டு அங்கிள்’னு சொல்லிக்கிட்டே இருந்துச்சு. சாஃப்ட்வேர்ல எந்த ஷார்ட்கட்டும் இந்தத் தங்கச்சிக்கு ஈடாகாது!

மூணரை மணிக்குப் பார்த்தா 6 வீட்டுக்கு நேரா நம்பரே இல்லை. ஒரு வீடு ஊருக்குப் போயிருந்தாங்க. மீதி 5 பேர்? ஒருத்தர் காலைல இருந்து மைக் செட் பக்கத்துலயே நின்னவர். ரெண்டு பேர் சமையல் பந்தல்ல. ஒரு பாட்டி வாசல்லயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவங்க. இன்னொரு வீட்டு அண்ணன் வண்டிகளை ஒழுங்கு பண்ணிக்கிட்டு நின்னவர். கவனிச்சீங்களா? விடுபட்டவங்க பாதிக்கு மேல வேலை செஞ்சவங்க. கேமரா எப்பவும் நடக்கற இடத்தைத்தான் பார்க்கும். அதை நடத்தறவங்க முதுகைக் காட்டிக்கிட்டு நிப்பாங்க. போன்காரனை அனுப்பி, கால் மணி நேரத்துல அஞ்சு பேரையும் எடுத்துட்டு வரச் சொன்னேன். ரெண்டு கட்டத்தைப் பாதியா வெட்டி, 30 ஃப்ரேம் வீதம் நாலு பேரை வச்சேன். பாட்டிக்கு மட்டும் ஒரு முழுக் கட்டம். 30 ஃப்ரேம்ங்கறது 1.2 நொடி. முகத்தை அடையாளம் கண்டுபிடிக்க அது போதும். அதுக்கும் கீழே போனா கண்ணுல படறதுக்குள்ள ஓடிடும்.

செயலாளர் சார் நடுவுல வந்து, ‘தம்பி, விருந்தினருக்குச் சால்வை போட்டதை முதல்ல வச்சுடுங்களேன்’னார். ‘சார், முதல் கட்டங்கள் காலைப் பானைக்கு. விருந்தினர் கடைசில குரூப் ஷாட்ல நடுவுல வர்றார், கண்டிப்பா’ன்னேன். டைம்லைனைக் காட்டினதும் ஒத்துக்கிட்டார். முன்கூட்டியே பங்கு போட்டு வச்சதுல இது ஒரு சௌகரியம். மறுக்கிறது நீங்க இல்லை, கட்டம்!

பரிசுப் பட்டியல் இன்னொரு கண்ணிவெடி. பேரை வாயால கேட்டு டைப் பண்ணாதீங்க. நடுவர் கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் போன்ல படம் எடுத்து, டைப் பண்ணினதை செயலாளர்கிட்ட காட்டி, எழுத்து எழுத்தா ஓகே வாங்கிட்டுத்தான் டைம்லைனுக்குள்ள விட்டேன். ‘ரமா’வா ‘ரம்யா’வான்னு அங்கேயே தெரிஞ்சுடும்.

இப்போ அந்த 3 நிமிஷக் கணக்குக்கு வர்றேன். ஏழேகாலுக்கு ஓடணும்னா எடிட்டிங்கை எப்போ மூடறது? பின்னாலிருந்து எண்ணுங்க. எக்ஸ்போர்ட் 3 நிமிஷம். முழுசா உட்கார்ந்து பார்க்க இரண்டரை. ஏதாவது திருத்தணும்னா மறுபடி ஒரு எக்ஸ்போர்ட்டும் ஒரு பார்வையும், இன்னொரு அஞ்சரை. பென் டிரைவ்ல காப்பி பண்ணி டி.வி.ல போட்டுப் பார்க்க அஞ்சு. கூட்டினா 16. திருத்தற வேலைக்கே ஒரு 20 நிமிஷம் வைங்க. மீதி எல்லாம் மேடையில நடக்கிற எதிர்பாராததுக்கு. ஆக, ஆறு மணி. ‘இன்னும் ஒரு மணி நேரம் இருக்கே’னு கை பரபரக்கும். தொடக் கூடாது.

6.02-க்கு எக்ஸ்போர்ட் கொடுத்தேன். 6.04-க்கு ஒரு அக்கா தயங்கித் தயங்கி வந்தாங்க. வாடகைக்குக் குடிவந்து நாலு மாசம்தான் ஆகுதாம்.

‘தம்பி... என் பொண்ணு முகம் வீடியோல வரக் கூடாதுப்பா. நாங்க இங்க இருக்கோம்னு சிலபேருக்குத் தெரியக் கூடாது. வாட்ஸ்அப்ல எல்லாருக்கும் போகும்னு இப்பதான் சொன்னாங்க.’

அதுக்கு மேல நான் கேட்கலை. கேட்க வேண்டியதும் இல்லை. ‘வராதுக்கா, நீங்க இருந்து பார்த்துட்டே போங்க’ன்னேன். எக்ஸ்போர்ட்டை நிறுத்தினேன்.

சிக்கல் என்னன்னா, அந்தப் பாப்பாதான் மியூசிக்கல் சேர்ல ஃபர்ஸ்ட். கடைசி நாற்காலில உட்கார்ந்து சிரிச்சதுதான் என்னோட ‘குழந்தைச் சிரிப்பு’ ஜன்னல். மொத்த வீடியோலயும் நல்ல ஷாட் அது! அந்த முகத்தை மங்கலாக்கிடலாமேன்னு கேமராக்காரன் சொன்னான். வேணாம்னேன். ஊரே சிரிக்கிற வீடியோல ஒரு முகம் மட்டும் மங்கலா இருந்தா, எல்லாரும் அதைத்தான் பார்ப்பாங்க. ‘யார் அது, ஏன்?’னு கேள்வி வேற ஆரம்பிச்சுடும். மறைக்கறதைவிட, இல்லாம இருக்கறதுதான் பாதுகாப்பு.

வீட்டு வரிசைக் காகிதம் இங்கேதான் கைகொடுத்துச்சு. அந்த வீட்டுக்கு நேரா 33-ன்னு இருந்துச்சு. ஆனா காகிதத்துல இருக்கறது தெளிவாத் தெரிஞ்ச கட்டம் மட்டும்தானே? அதனால அக்காவைப் பக்கத்துல உட்கார வச்சு, வீடியோவை மெதுவா ஓடவிட்டேன். 36-ல, வேற பையன் ஓடறப்போ பின்னாடி நின்னுட்டிருந்துச்சு. குரூப் ஷாட்ல ஓரத்துல தலை தெரிஞ்சுது. 33-க்கும் 36-க்கும் வேற ஷாட் போட்டாச்சு. சிரிப்பு ஜன்னலுக்குச் சாக்கு ஓட்டத்துல விழுந்து எழுந்து சிரிச்ச ஒரு குட்டிப் பையன். குரூப் ஷாட்டைக் கொஞ்சம் பெரிசாக்கி ஓரத்தை வெளியே தள்ளினேன். 1080p-ல பத்து, பதினஞ்சு சதவிகிதம் பெரிசாக்கினா டி.வி.ல வித்தியாசம் தெரியாது.

பேரு? நன்றி கார்டுல குழந்தைங்க விளையாட்டு ஜெயிச்சவங்க பட்டியல் இருந்துச்சு. அதுல அந்த ஒரு பேரை மட்டும் எடுத்தா, ‘மியூசிக்கல் சேர்ல யாரு ஜெயிச்சா’ன்னு அந்த ஓட்டையே பேசும். அதனால குழந்தைங்க பட்டியலையே எடுத்துட்டு, ‘விளையாடிய எல்லாச் செல்லங்களுக்கும் வாழ்த்து’ன்னு ஒரே வரி போட்டேன். மேடைல கூப்பிட்டுப் பரிசு கொடுக்கறது பரவாயில்லையான்னு அக்காகிட்ட கேட்டேன். ‘அது கொடுங்கப்பா, ஆசையா இருக்கா’ன்னாங்க.

6.21-க்கு ரெண்டாவது எக்ஸ்போர்ட். 6.24-க்கு முடிஞ்சுது. அக்காவும் நானும் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் பார்த்தோம். அவங்க தலையாட்டினப்புறம்தான் பென் டிரைவ்.

இந்தச் சம்பவத்தை ஏன் இவ்வளவு விவரமாச் சொல்றேன்னா, இது அவசர வேலையோட நிஜமான ஆபத்து. ரெண்டு வாரம் கழிச்சுக் கொடுக்கிற வீடியோன்னா, நடுவுல யாராவது வந்து சொல்ல நாள் இருக்கும். அன்னிக்கே கொடுக்கற வீடியோல அந்த நாள் கிடையாது. வாட்ஸ்அப் குரூப்ல விழுந்து, ஒருத்தர் இன்னொரு குரூப்புக்குத் தள்ளிட்டா, அப்புறம் நாம டெலிட் பண்றதால ஒண்ணும் ஆகாது. அதனால, வேகமாக் கொடுக்கறதுக்காகப் போட்ட டெம்ப்ளேட்டே, வேகமா மாத்தறதுக்கும் இடம் கொடுக்கணும். எல்லாக் கட்டமும் ஒரே நீளமா இருந்ததாலதான் பத்து நிமிஷத்துல மூணு காட்சியை மாத்த முடிஞ்சுது. இசையையோ மத்த கட்டத்தையோ தொட வேண்டியிருக்கலை.

விழா பதிவு பண்ற காகிதத்துல இனிமே ஒரு வரி சேர்க்கச் சொல்லியிருக்கேன்: ‘வீடியோவில் வர விருப்பமா?’ முந்தின நாளே வீடு வீடாக் கேட்டுட்டா, யாரும் ஆறு மணிக்குத் தயங்கி நிக்க வேண்டாம்.

மிச்சம் இருக்கிறது டெலிவரி. டி.வி.ல நேரடியா பென் டிரைவ் போடறதா இருந்தா, MP4 ஃபைல், உள்ளே H.264, அளவு 1080p. புதுசு புதுசா வேற வகை போட்டா, லேப்டாப்ல ஜம்முனு ஓடும், டி.வி.ல சத்தம் மட்டும் வரும், இல்லேன்னா அதுவும் வராது. பென் டிரைவ் FAT32-ல இருந்தா பழைய டி.வி.யும் படிக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜி.பி.யைத் தாண்டக் கூடாதுன்னு வரம்பு உண்டு. நமக்குக் கவலையில்லை. நொடிக்கு 16 மெகாபிட் வச்சாலும் 144 நொடிக்கு 288 எம்.பி.தான். சில டி.வி. படத்தோட நாலு ஓரத்தையும் கொஞ்சம் வெட்டிக் காட்டும். அதனால பேரெல்லாம் ஓரத்துல இருந்து நல்லாத் தள்ளி உள்ளே இருக்கணும். இதையெல்லாம் காலைலயே டம்மி வீடியோவை அதே டி.வி.ல, அதே பென் டிரைவ்ல ஓட்டிப் பார்த்துட்டா, சாயங்காலம் நெஞ்சு படபடக்காது.

வாட்ஸ்அப்புக்குத் தனியா ஒரு சின்னக் காப்பி. 720p, நொடிக்கு 3 மெகாபிட், மொத்தம் 54 எம்.பி. அதை வீடியோவா அனுப்பாம டாக்குமென்ட்டா அனுப்பினா, வாட்ஸ்அப் மறுபடி சுருக்கிக் குதறாது. ‘ரீல்ஸுக்கு நெட்டுக்குத்தா ஒண்ணு?’னு கேட்பாங்க. ‘நாளைக்கு’ன்னு சொல்லுங்க. 60 கட்டத்தையும் நெட்டுக்குத்தாத் திருப்பி முகத்தை நடுவுல கொண்டு வர்றது தனி வேலை. அன்னிக்கு ராத்திரி அதைத் தொட்டா, பாதிப் பேரோட தலை வெட்டுப்பட்டுத்தான் போகும்.

ஏழேகாலுக்கு வீடியோ ஓடிச்சு. குலவைச் சத்தம் வந்தப்போ, கீழே உட்கார்ந்திருந்த அம்மாங்க ஸ்க்ரீனோட சேர்ந்து மறுபடி குலவை போட்டாங்க. வாசல்ல உட்கார்ந்திருந்த பாட்டி வந்தப்போ, ‘ஆத்தா, நீ!’ன்னு ஒரு குரல். மைக் செட் அண்ணன் தன்னைப் பார்த்துட்டு, மறுபடி ஒருதடவை போடச் சொல்லி எனக்குச் சைகை காட்டினார். மூணு தடவை ஓடிச்சு. ஸ்க்ரீன்ல இல்லாத அந்தப் பாப்பா முதல் வரிசைல, கையில பரிசு டிபன் பாக்ஸோட, பக்கத்துல இருந்த குட்டிப் பையன் விழுந்து எழுந்ததைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டு இருந்துச்சு.